பாதிக்குப் பாதி என்று கையெழுத்துப் போடும் முன்

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இரண்டு கிரவுண்டு மனையும் அதில் நாற்பது வயதான ஒரு தனி வீடும் வைத்திருக்கும் குடும்பத்தை பில்டர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். நங்கநல்லூர், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் என எங்கும் இதே கதைதான். வீட்டைக் கட்டிய அப்பா இப்போது இல்லை. அம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார். மூன்று பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பக்கத்துத் தெருவில். மழைக்கு மாடி ஒழுகுகிறது. வீட்டை மூன்றாக வெட்ட முடியாது, இடித்துக் கட்டக் கையில் காசும் இல்லை. அப்போதுதான் பேச்சு தொடங்கும்.

“பர்சென்டேஜ் எவ்வளவு சார் எதிர்பார்க்கிறீங்க?”

“பக்கத்துத் தெருவுல ஐம்பத்தஞ்சு கொடுத்திருக்காங்களாமே?”

“அது கார்னர் பிளாட் சார். உங்களுக்கு ஐம்பது, கூடவே டெபாசிட், வாடகை. பதினெட்டு மாசத்துல சாவி.”

அப்ரூவலில் இருந்து பெயின்ட் வரை பில்டர் தன் செலவில் கட்ட வேண்டும். கட்டியதில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு, மறு பங்கு பில்டருக்கு. அந்த மறு பங்கை அவர் விற்றுக் காசாக்கிக்கொள்வார். பத்திரத்தில் இதைக் கூட்டு வளர்ச்சி ஒப்பந்தம் என்று எழுதுவார்கள். தெருவில் ‘ஜாயிண்ட் வென்ச்சர்’, அல்லது வெறும் ‘ஜே.வி.’.

பேரம் பெரும்பாலும் அந்தச் சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது. ஐம்பதா ஐம்பத்தைந்தா என்று மூன்று மாதம் இழுபறி நடத்திய குடும்பம், முப்பது பக்கப் பத்திரத்தை ஒரே மாலையில் படித்துக் கையெழுத்துப் போடும். ஆபத்து முழுக்க அந்த முப்பது பக்கத்தில் இருக்கிறது. எது எப்போது தன் கையை விட்டுப் போகிறது, அதற்குள் தன் கைக்கு என்ன வந்திருக்கிறது என்ற வரிசையில்தான் நிலத்துக்காரர் தப்புவதும் மாட்டுவதும்.

முதலில் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். அது வாய்க்கு வந்த எண் அல்ல. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் மாறும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆக மனை 4,800 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபின் உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று பொருள்: 9,600 சதுர அடி. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. ஆளுக்கு 1,200 சதுர அடிக் கணக்கில் எட்டு ஃபிளாட்.

கிரவுண்டு ஒன்றரைக் கோடி என்றால் நிலத்தின் விலை 3 கோடி. சதுர அடிக்கு 3,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 2 கோடியே 88 லட்சம். அப்ரூவல் கட்டணம், இடிப்பு, வட்டி என்று இன்னொரு 30 லட்சம் போட்டால் பில்டரின் முதலீடு 3 கோடியே 18 லட்சம். நிலம் 3, கட்டடம் 3.18. ஆகவே பாதிக்குப் பாதி. நிலம் இதைவிட விலை போகும் மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற இடங்களில் நிலத்துக்காரர் பங்கு அறுபதையும் தாண்டும். புறநகருக்குப் போகப் போக நாற்பதுக்கும் கீழே இறங்கும்.

இப்போது அந்தப் பகுதியில் ஃபிளாட் சதுர அடி 7,500 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால் வீடு ஒன்று 90 லட்சம். பில்டரின் நான்கு வீடுகள் 3 கோடியே 60 லட்சம். செலவு போக அவருக்கு நிற்பது 42 லட்சம். நிலத்துக்காரர் அடம்பிடித்து ஐம்பத்தைந்து வாங்கினால் பில்டர் பங்கு 3 கோடியே 24 லட்சமாகக் குறைந்து, மிச்சம் 6 லட்சம் என்றாகிறது. இரண்டு வருடம் உழைத்து ஆறு லட்சம் யாரும் சம்பாதிக்க மாட்டார்கள். அப்படியும் ஒருவர் ‘சரி, ஐம்பத்தைந்து’ என்றால் மகிழ்வதைவிட, அவர் எங்கே எடுக்கப் போகிறார் என்று யோசிப்பதுதான் புத்திசாலித்தனம். கம்பியிலும் சிமென்ட்டிலும் எடுக்கலாம். அனுமதியில்லாத இன்னொரு மாடியில் எடுக்கலாம். அல்லது பத்திரத்தில் இருக்கும் ‘பரப்பு’ என்ற சொல்லில் எடுக்கலாம். மூன்றாவதுதான் எளிது. அதில் தூசுகூடப் பறக்காது.

ஃபிளாட் உலகத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று அளவு உண்டு. சுவருக்குள் பாய் விரிக்கக்கூடிய இடம் கார்பெட் ஏரியா. சுவரையும் பால்கனியையும் சேர்த்தால் பிளிந்த் ஏரியா. அதற்குமேல் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் ஒரு பங்கை ஏற்றினால் சூப்பர் பில்டப் அல்லது சேலபிள் ஏரியா. இந்த ஏற்றுமதியைத் தொழிலில் ‘லோடிங்’ என்பார்கள். நிலத்துக்காரருக்கு 4,800 சதுர அடி சூப்பர் பில்டப் என்று மட்டும் பத்திரத்தில் எழுதி, லோடிங் எவ்வளவு என்று எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? இருபது சதவீதம் ஏற்றினால் நான்கு வீடுகளின் உள்பரப்பு 4,000 சதுர அடி. முப்பது ஏற்றினால் ஏறக்குறைய 3,690. பத்திரம் மீறப்படவில்லை. ஆனால் நான்கு வீட்டிலும் சேர்த்து 300 சதுர அடிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அதனால் விவரம் தெரிந்த வக்கீல்கள் பங்கைக் கார்பெட்டிலோ பிளிந்திலோ எழுதி, வரைபடத்தை இணைப்பாக வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பில்டரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

இன்னொரு சறுக்கல், பங்கைச் சதவீதமாக எழுதுவதா சதுர அடியாக எழுதுவதா என்பதில் இருக்கிறது. 2019-க்கு முன் எஃப்.எஸ்.ஐ. ஒன்றரைதான். அதே இரண்டு கிரவுண்டில் அன்று 7,200 சதுர அடிதான் கட்ட முடியும், பாதி 3,600. 2018-இல் ‘உரிமையாளருக்கு 3,600 சதுர அடி’ என்று வெறும் எண்ணாக எழுதி, பிளான் போட 2019 ஆகிவிட்ட ஒரு மனையை நினைத்துப் பாருங்கள். கட்டக்கூடிய பரப்பு 9,600 ஆகிவிட்டது. எண் அப்படியே நிற்கிறது. ஐம்பது சதவீதம் என்று நினைத்தவரின் பங்கு 37.5 ஆகிவிட்டது. அரசுக்குக் கட்டணம் செலுத்தி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. இன்றும் இதே கேள்வியைக் கிளப்பும். சாலை அகலத்தைப் பொறுத்துக் கூடுதலாகக் கட்டிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, கூடுதல் பரப்பு யாருக்கு எந்த விகிதத்தில் என்பது முன்பே எழுதப்படாவிட்டால், பிளானை வரையும் பில்டரே அதற்கும் விடை எழுதிவிடுவார்.

எந்த வீடு யாருக்கு என்பதையும் அனுமதி வந்த கையோடு தனிப் பகிர்வு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். மாடி எண், திசை, கார் நிறுத்தும் இடத்தின் எண் வரைக்கும். ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்ட இடங்களில், மேற்கு வெயில் காயும் நாலாவது மாடி வீடுகள் எப்படியோ நிலத்துக்காரர் பக்கம் வந்து சேரும். மொட்டை மாடியின் உரிமையை பில்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சோலார் தகடு வைக்க அவர் தயவை எதிர்பார்ப்பவர்களும் உண்டு.

இனி இதயப் பகுதிக்கு வரலாம்: யு.டி.எஸ்.

ஃபிளாட் வாங்குபவர் வாங்குவது வீட்டை மட்டுமல்ல. மனையில் பிரிக்கப்படாத ஒரு பாகத்தையும் சேர்த்துத்தான். நம் கணக்கில் 4,800 சதுர அடி மனையை எட்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 600. பில்டரின் நான்கு வீடுகளுக்கான 2,400 சதுர அடி நிலம் நிலத்துக்காரர் பெயரில் இருந்துதான் வாங்குபவர்கள் பெயருக்குப் போகிறது. பில்டருக்கு நிலம் சொந்தமே அல்ல. முன்பெல்லாம் நிலப் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று போடுவது வழக்கம். 2023 டிசம்பரில் இருந்து இரண்டையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது. எந்த முறையானாலும் விற்பவர் இடத்தில் நிலத்துக்காரர் பெயர் இருக்கும். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அவர் அல்ல, பில்டர். அந்த அதிகாரத்தைக் கொடுப்பதுதான் பவர் பத்திரம்.

ஒப்பந்தம் போட்ட அன்றே பவரும் பதிவாகிவிடும். பல குடும்பங்கள் இதை ஒரு சடங்காக நினைக்கின்றன. பெங்களூருக்கும் துபாய்க்கும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது, பில்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்தப் பவரில் பிளான் அனுமதி வாங்குவது, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு வாங்குவது, பில்டர் பங்கை விற்பது, அடமானம் வைப்பது எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பில்டரிடம் பணம் தீர்ந்து வேலை நின்றால் பவரை ரத்து செய்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கும். அதிகாரம் பெற்றவருக்கு அந்தச் சொத்தில் தனக்கென ஒரு பலன் இருந்தால், வேறு விதமாக எழுதப்படாத வரை, அவர் நலனுக்குக் கேடாக அந்த அதிகாரத்தை முடித்துவிட முடியாது என்கிறது அந்தப் பிரிவு. தன் பணத்தைப் போட்டு அஸ்திவாரம் எழுப்பிய பில்டர் நீதிமன்றத்தில் முதலில் காட்டுவது அதைத்தான். பவர் கொடுத்தவர் இறந்துபோனாலும் இதே வாதம் வரும்.

ரத்து செய்ய முடிந்தாலும், அதற்குள் பதிவான கிரயங்கள் அப்படியே நிற்கும். நான்கு பேர் வங்கிக் கடன் வாங்கி ஆளுக்கு 600 சதுர அடி பதிந்துவிட்டார்கள் என்றால், அந்த நான்கு பேரும் இப்போது மனையின் கூட்டுச் சொந்தக்காரர்கள். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், அவர்களும் பணம் கொடுத்துக் காத்திருப்பவர்கள். பாதி எழும்பிய கட்டடம், இடிக்கப்பட்ட வீடு, நான்கு புதுப் பங்காளிகள், அவர்களுக்குப் பின்னால் நான்கு வங்கிகள். அந்த மனையை வேறொரு பில்டரிடம் ஒப்படைக்க வேண்டுமானால் இத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஜே.வி.யில் நிலத்துக்காரருக்கு நேரக்கூடிய மிக மோசமான நிலை இதுதான். முழு நிலமும் போகாது. ஆனால் எதையும் செய்ய முடியாத நிலமாக அது மாறிவிடும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது, புதிதும் அல்ல. பவரை இரண்டாகப் பிரிப்பது முதல் வேலை. அனுமதி, இணைப்புகளுக்கு ஒன்று. அதில் விற்கும் அதிகாரமோ அடமான அதிகாரமோ இருக்காது. விற்பனைக்கான பவர் தனி. பில்டர் பங்கின் 2,400 சதுர அடிக்கு மட்டும், அதுவும் தவணை தவணையாக. ஸ்டில்ட்டுக்கு மேல் கான்கிரீட் தளம் போட்டதும் 600. இரண்டாம் மாடித் தளம் முடிந்ததும் இன்னொரு 600. எல்லா மாடியிலும் செங்கல் வேலையும் பூச்சும் முடிந்ததும் மூன்றாவது. கடைசி 600 சதுர அடி, நிலத்துக்காரரின் நான்கு வீட்டுச் சாவியும் அவர் கைக்கு வந்த பிறகு. அந்தக் கடைசி வீட்டின் விலை 90 லட்சம், அதாவது பில்டரின் லாபமான 42 லட்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். வேலையை நடுவில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது.

இப்படிக் கேட்டால் பில்டர் முகம் சுளிப்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சொந்தப் பணத்தில் முழுவதையும் கட்டும் பில்டர்கள் குறைவு. முதல் வீட்டின் முன்பணத்தில்தான் இரண்டாம் மாடி எழும்பும். அதனால் முதல் தவணையை அஸ்திவாரம் முடிந்ததும் கொடுங்கள் என்று பேரம் வரும். அது விட்டுக்கொடுக்கக்கூடிய இடம். கடைசித் தவணை விட்டுக்கொடுக்கக்கூடாத இடம்.

மூலப்பத்திரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாங்குபவர்களின் வங்கிகளுக்குக் காட்ட வேண்டும் என்று அசல் பத்திரங்களை பில்டர் கேட்பார். பத்திரங்களை ஒப்படைத்தே அடமானம் வைக்கும் வழக்கம் உள்ள ஊர் இது. அசலை வங்கிக்காரர் பார்வையிட உரிமையாளரே கொண்டுபோய்க் காட்டலாம், அல்லது இருவருக்கும் பொதுவான வக்கீலிடம் ரசீதுடன் வைக்கலாம். பில்டர் கடன் வாங்கினால் தன் பங்கின் மேல் மட்டுமே வாங்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நடப்பதைக் கண்காணிக்க உரிமையாளருக்கு வசதி வந்துவிட்டது. 2012-இல் தமிழ்நாடு பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின், அசையாச் சொத்து தொடர்பான பவரும், விற்பனை உடன்படிக்கையும், அடுக்குமாடி கட்டும் ஒப்பந்தமும் கட்டாயம் பதியப்பட வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். மாதம் ஒருமுறை சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்த 600 போயிருக்கிறது, யாருக்கு, எந்தத் தேதியில் என்பது பெங்களூரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். சைட்டிலும் அறிகுறி உண்டு. தளம் போட்டபின் வேலையாட்கள் குறைந்து, மூன்று பேர் மட்டும் எங்கோ பூசிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் ‘மணல் வரலை சார்’ என்பார் மேஸ்திரி. அதே வாரத்தில் அடுத்த தவணைப் பவரைச் சீக்கிரம் கொடுங்கள் என்று பில்டர் ஆபீஸில் இருந்து போன் வந்தால், பணம் வேறு சைட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

‘ரேரா இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில், 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கோ எட்டுக்கு மிகாத வீடுகளுக்கோ பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு ஏறக்குறைய 446 சதுர மீட்டர். எட்டு வீடு. நம் மனை இரண்டு அளவிலும் விதிக்கு வெளியே நிற்கிறது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற சட்டத்தின் வலுவான பாதுகாப்பு, சென்னையின் சின்னச் சின்ன ஜே.வி.க்களை எட்டுவதே இல்லை. மனை பெரிதாகி ரேராவுக்குள் வந்தால் வேறொரு சிக்கல். கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவருமே ‘புரமோட்டர்’, இருவருக்கும் சேர்ந்த பொறுப்பு என்கிறது அதே சட்டம். தன் பங்கு வீடுகளை விற்கும் நிலத்துக்காரர், செங்கல் ஒன்றைக்கூடத் தொடாதவராக இருந்தும், வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

அப்படியானால் நிலத்துக்காரர் ஏமாந்தால் எங்கே போவது? நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். இதைச் சொல்ல, ஒரு தில்லி வழக்கில் ஒப்பந்தம் போட்டதில் இருந்து பதினேழு ஆண்டுகள் ஆயின. கைலாஷ் காலனியில் மனை வைத்திருந்தவர் 1991-இல் ஒரு பில்டரோடு ஒப்பந்தம் போட்டார். பழைய வீட்டை இடித்து மூன்று தளம் கட்டி, ஒரு தளத்தை அவருக்கும் மற்றவற்றை பில்டருக்கும் என்று பேச்சு. கட்டியது அனுமதித்த பிளான்படி இல்லை, கட்டி முடித்த சான்றும் வரவில்லை என்று அவர் புகார் கொடுத்தார். இது கூட்டுத் தொழில், நீங்கள் நுகர்வோர் அல்ல என்று சொல்லி மன்றங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஒப்பந்தத்தின் தலைப்பில் ‘கூட்டு’ என்று எழுதிவிட்டால் கூட்டுத் தொழில் ஆகிவிடாது. நிர்வாகத்தில் பங்கும் லாப நட்டத்தில் பங்கும் இருந்தால்தான் அது கூட்டு. நிலத்தின் ஒரு பங்கைக் கொடுத்து அதற்கு ஈடாக வீடு கட்டும் சேவையைப் பெறுபவர் நுகர்வோர்தான் என்றது தீர்ப்பு. 2016-இல் ஆந்திராவில் இருந்து வந்த, நாற்பதுக்கு அறுபது என்று பிரித்துக்கொண்ட ஒரு வழக்கிலும் அதுவே உறுதியானது. வெளியாளைப் போல வழக்குப் போட வழி திறந்ததே ஒழிய, தில்லிக்காரருக்கு அன்றைக்கும் இழப்பீடு கிடைத்துவிடவில்லை. புகார் விசாரணைக்காக மாவட்ட மன்றத்துக்கே திரும்பிப் போனது.

அந்த வழக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. பிளானை மீறிக் கட்டினால் மாநகராட்சி நோட்டீஸ் வருவது மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பில்டர் விற்றுவிட்டுப் போய்விடலாம். கட்டடத்தில் குடியிருக்கப் போவது நிலத்துக்காரர். எனவே தனியாக ஒரு பொறியாளரைக் கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்வது வீண் செலவு அல்ல. ஒவ்வொரு தளமும் போடும் முன் கம்பியைப் பார்த்து, பிளானோடு அளவை ஒப்பிட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும். யு.டி.எஸ். தவணையை விடுவிக்கும் ஆதாரமும் அந்தத் தாளே ஆகலாம்.

பில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டிய கட்டடங்களைப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். அங்கே ஃபிளாட் வாங்கியவர்களிடம் பேசுவதைவிட, அந்த மனைக்குச் சொந்தக்காரராக இருந்தவரைத் தேடிப் பேசுவது பயன்படும். சாவி சொன்ன தேதியில் வந்ததா, தாமதத்துக்கு வாடகை கொடுத்தாரா, டெபாசிட்டை எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டால் கதை வெளியே வரும்.

டெபாசிட்டில் ஒரு பொறி உண்டு. ஒப்பந்தத்தன்று பில்டர் பத்து, இருபது லட்சம் கொடுப்பார். அதில் திருப்பித் தர வேண்டியது, தர வேண்டாதது என்று இரண்டு வகை. வீடு காலி செய்ய, பிள்ளை படிப்புக்கு, பழைய கடனுக்கு என்று அந்தப் பணம் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். பதினெட்டு மாதம் கழித்துச் சாவி வாங்கப் போனால், ‘டெபாசிட்டைக் கொடுங்க, சாவியைத் தர்றேன்’ என்பார். பணம் இல்லை என்றால் தன் பங்கு வீட்டில் ஒன்றை அவரிடமே அவர் சொன்ன விலைக்கு விட வேண்டி வரும். தர வேண்டாத தொகையாகக் குறைத்து வாங்கிக்கொள்வது பலருக்கு நல்லது. அதேபோலத் தாமதத்துக்கான வாடகையை ‘பரஸ்பரம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று விடாமல், வீட்டுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று எண்ணாக எழுத வேண்டும். கால அளவு எந்தத் தேதியில் இருந்து என்பதும் முக்கியம். பிளான் அனுமதி கிடைத்த நாளில் இருந்து பதினெட்டு மாதம் என்று எழுதி, அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கெடு வைக்காவிட்டால், கடிகாரம் ஓடத் தொடங்குவதே பில்டர் கையில்.

கடைசியாக வரி. இலவசமாக நான்கு வீடு வந்தது போலத் தோன்றும் இடத்தில் இரண்டு வரிகள் காத்திருக்கின்றன. முதலாவது ஜி.எஸ்.டி. நிலத்துக்காரருக்குக் கட்டிக்கொடுக்கும் வீடுகளும் சேவைதான் என்பதால், 2019 ஏப்ரல் முதல் அவற்றுக்கும் 5 சதவீதம், மலிவு வீடு என்ற வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். அதே போன்ற வீட்டை பில்டர் வெளியாருக்கு விற்ற விலையே அடிப்படை. நம் கணக்கில் நான்கு வீட்டுக்கு 18 லட்சம். அரசுக்குக் கட்டுவது பில்டர், ஆனால் யார் பாக்கெட்டில் இருந்து என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். சொல்லாத ஒப்பந்தங்களில், சாவி வாங்கும் நாளன்று அந்த 18 லட்சம் ஒரு பில்லாக நீட்டப்படுகிறது.

இரண்டாவது மூலதன ஆதாய வரி. மனையின் பாதியைக் கொடுத்து வீடுகளை வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் விற்பனையே. நிலத்தை பில்டரிடம் ஒப்படைத்த ஆண்டிலேயே, வீடு கைக்கு வராதபோதே, முழு ஆதாயத்துக்கும் வரி கேட்ட காலம் ஒன்று இருந்தது. மொகாலி அருகே ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் 21 ஏக்கருக்குப் போட்ட ஒப்பந்தம் அனுமதி கிடைக்காமல் முடங்கிவிட்டது. ஆனாலும் கட்டப்படாத ஃபிளாட்டுகளின் மதிப்பையும் சேர்த்து உறுப்பினர்களிடம் வரி கேட்டது துறை. ஒப்பந்தமே பதியப்படாதது, சொத்து கைமாறவே இல்லை என்று சொல்லி 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுப்பினர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு நிதிச் சட்டம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 45(5ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. தனிநபரோ இந்துக் கூட்டுக் குடும்பமோ பதிவு செய்த ஒப்பந்தம் போட்டிருந்தால், கட்டி முடித்த சான்று வரும் ஆண்டில்தான் ஆதாயம் கணக்கிடப்படும். மதிப்பு, சான்று வந்த நாளில் தன் பங்குக்கான முத்திரைத்தாள் மதிப்பும், ரொக்கமாக வாங்கியதும். ரொக்கத்தில் 10 சதவீதத்தை பில்டர் முன்பே பிடித்துக் கட்டிவிடுவார்.

இதில் ஒரு கண்ணி. சான்று வரும் முன்பே தன் பங்கை விற்றால் இந்தச் சலுகை போய், விற்ற ஆண்டிலேயே வரி வந்துவிடும். மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு வீடு எடுத்துக்கொண்டு, நான்காவதை விற்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள நினைக்கும் குடும்பங்கள் மாட்டுவது இங்கேதான். நல்ல விலைக்கு ஆள் வந்ததே என்று சுவர் எழும்பும்போதே பத்திரம் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு ஈடாக வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கும் முன்பு போல இல்லை. 43.75 சதவீதப் பங்காக ஐந்து ஃபிளாட் பெற்ற ஒருவருக்கு ஐந்துக்கும் சேர்த்து விலக்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னது, பழைய சட்டத்தின்படி. அந்த ஆண்டு வந்த திருத்தம் ‘ஒரு வீடு’ என்று மாற்றிவிட்டது. பிறகு ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடு என்று சற்றுத் தளர்ந்தது. மனை அம்மா ஒருவர் பெயரில் இருந்தால் நான்கு வீடும் அவர் கணக்கில் வரும், விலக்கு ஒன்றிரண்டுக்குத்தான். முறையாகப் பிள்ளைகள் பெயருக்கு வந்தபின் ஒப்பந்தம் போட்டால் ஆளுக்கு ஒரு விலக்கு. எனவே ஆடிட்டரைப் பார்க்க வேண்டியது சாவி வாங்கிய பிறகு அல்ல, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பில்டர் முதன்முதலாகக் கேட்கும் அன்றைக்கு.